முப்பத்தேழாவது குழி

என் தங்கையைக் கட்டியவன் என்னை ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறான். கல்குவாரியில், பத்துப் பேர் பார்க்க, குழிக்குள் மண் இடிக்கிற மரக்கம்பால் தோள்பட்டையில் போட்டான். அதற்கு நான் அவனைத் திருப்பி அடிக்கவில்லை. ஏனென்றால் அந்த அடி நியாயமானது.

நான் பொக்லைன் ஓட்டுகிறவன். பாறையில் வெடி போட்டு, புகை அடங்கியபின், சரிந்து கிடக்கும் கல்லை வாரி டிப்பரில் கொட்டுவது என் வேலை. வெடி போடுகிறவன் அவன். 'வாரலாம்' என்று அவன் வாயால் சொன்னபின்தான் என் வாளி கல்லில் இறங்க வேண்டும். அன்றைக்கு டிப்பர்காரர்கள் ஹாரன் அடித்து உயிரை எடுத்ததால், அவன் சொல்வதற்கு முன்பே வண்டியைக் கிளப்பினேன். ஓடி வந்து கேபின் கதவைத் திறந்து, சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டு அடித்தான். குவியலுக்குள் வெடிக்காத குழி ஒன்று இருந்து, அதை என் வாளிப்பல் தட்டினால், நான் இருந்த இடத்தில் செருப்புகூடக் கிடைக்காது.

இன்னொரு சமயம் அவன் என் தங்கையை அடித்தான். குழம்பில் உப்பு அதிகம் என்று கன்னத்தில் அறைந்தான். விஷயம் கேள்விப்பட்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கதவைத் திறந்து "வாங்க மச்சான்" என்று சொல்லி முடிப்பதற்குள் மூக்கை உடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நல்லது கெட்டதற்குக்கூட அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. ஆனால் குவாரியில் 'வாரலாம்' என்று அவன் சொன்னால், யோசிக்காமல் வாளியை இறக்குவேன். மனுஷனாக அவனை எனக்குப் பிடிக்காது. அவன் கணக்கை நம்பித்தான் தினமும் வீடு திரும்பினேன்.

அவனுக்கு இடது காது செவிடு. அதற்கு ஒரு கதை உண்டு. இருபது வயதில் வேறொரு குவாரியில் உதவியாளாக இருந்தானாம். அந்தக் காலத்தில் திரி பற்றவைத்து வெடிப்பார்கள். ஒவ்வொரு குழியும் ஒவ்வொன்றாக வெடிக்கும். பதுங்கிக்கொண்டு சத்தத்தை எண்ண வேண்டும். பன்னிரண்டு குழி போட்டால் பன்னிரண்டு சத்தம் கேட்க வேண்டும். அன்றைக்கு இவனும் பன்னிரண்டு எண்ணினான், வெடிக்காரரும் பன்னிரண்டு எண்ணினார். இரண்டு பேரும் எண்ணியது ஒத்துப்போனதால் ஆளை அனுப்பினார்கள். உண்மையில் வெடித்தது பதினொன்று. எதிர்ப்பாறையில் மோதித் திரும்பிய எதிரொலியை இரண்டு பேருமே ஒரு வெடியாக எண்ணிவிட்டார்கள். போன ஆள் கடப்பாரையைக் குத்தியதும் பன்னிரண்டாவது வெடித்தது. இவனுக்கு ஒரு காது போயிற்று. போன ஆளை ஒரு சாக்கில் கொண்டு போனார்கள்.

அப்போது பிடித்த கிறுக்குதான் அவனை விடவே இல்லை. ஒரு கணக்கை ஒரு வழியில் பத்து தடவை சரிபார்த்தாலும் அவனுக்கு அது ஒரு தடவைதான். வேறு வழியில் எண்ணி அதே எண் வந்தால்தான் ஒத்துக்கொள்வான். குவாரியில் அவனுக்கு 'மறுகணக்கு' என்று பட்டப்பெயர். நேரில் யாரும் கூப்பிட மாட்டார்கள், சட்டென்று கை நீட்டிவிடுவான் என்பதால். டிபன் பாக்ஸ் மூடியைத் தொலைத்த சமையல்காரனிலிருந்து பீடியோடு வெடிமருந்துக் கிடங்குப் பக்கம் வந்த லாரி கிளீனர் வரைக்கும் அவன் கையால் வாங்காதவர்கள் குறைவு.

அவனிடம்தான் அந்தப் பெண் பயிற்சிக்கு வந்து சேர்ந்தாள். சுரங்கத் தொழில் டிப்ளமா கடைசி வருஷம். கல்லூரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஒல்லியான உடம்பு, காதுவரை இறங்கும் ஹெல்மெட், தன் அளவைவிட ஒரு சைஸ் பெரிய பூட்ஸ். முதல் நாளே எல்லோரும் 'டிப்ளமா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு நாளில் ஓடிவிடுவாள் என்று டிரில் ஓட்டுகிறவர்கள் டீ பந்தயம் கட்டினார்கள். நானும் கட்டினேன். தோற்றேன்.

முதல் வெடிக்கே அவளைக் குழிகளை எண்ணச் சொன்னான். போய் எண்ணிவிட்டு வந்து இருபத்துநாலு என்றாள். சரிபார்க்கச் சொன்னான். மறுபடி போய் அதே வரிசையில் எண்ணி வந்து இருபத்துநாலு என்றாள். அவள் தலையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கிப் பாறைக்குக் கீழே வீசினான். அவள் இறங்கிப் போய் ஹெல்மெட்டை எடுத்து வந்து அவன் முன்னாலேயே மாட்டிக்கொண்டாள்.

"அதே கண்ணு, அதே வரிசை. முதல் தடவை எதைப் பாக்காம விட்டியோ, ரெண்டாவது தடவையும் அதைத்தான் விடுவ. குழியிலேருந்து ஒரு தடவை எண்ணு. அப்புறம் பெட்டியிலேருந்து எண்ணு. எடுத்துட்டு வந்தது எத்தனை, மிச்சம் எத்தனை, கழிச்சுப் பாரு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்காம ஒரே இடத்துக்கு வரணும்."

அவள் கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் அவன் பாடம். மீதியெல்லாம் திட்டு.

இங்கே வேலை எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முதலில் டிரில் ஓட்டுகிறவர்கள் பாறைப் படியில் வரிசையாகக் குழி போடுவார்கள். ஒவ்வொரு குழிக்கும் நாலு ஜெலட்டின் குச்சி, ஒரு டெட்டனேட்டர். டெட்டனேட்டர் என்பது சுண்டுவிரல் நீளத்தில் ஒரு உலோகக் குழாய். மின்சாரம் பாய்ந்தால் அது முதலில் வெடித்து மருந்தைக் கிளப்பும். அதன் இரண்டு ஒயர்களும் குழிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே மண் போட்டு மரக்கம்பால் இடிப்பார்கள். பிறகு எல்லா ஒயர்களையும் ஒன்றோடொன்று கோத்து, நீளமான கேபிளில் இணைத்து, தூரத்துக் கொட்டகைக்குக் கொண்டு போவார்கள். அங்கே கேபிளுக்குள் மின்சாரத்தை விடுகிற எக்ஸ்ப்ளோடர் பெட்டி இருக்கும். அதைத் திருகுகிற கைப்பிடி மட்டும் பெட்டியில் இருக்காது. அவன் கழுத்தில் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டான் என்று தங்கை ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள், எனக்கும் அவனுக்கும் பேச்சு இருந்த காலத்தில்.

அந்த நாள் வந்தபோது டிப்ளமாவின் பயிற்சி முடிய ஒரு வாரம்தான் இருந்தது. பெரிய வெடி. நாலு வரிசை, வரிசைக்கு ஒன்பது குழி. முப்பத்தாறு. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மருந்து நிறைத்த பாறைமேல் மின்னல் நேரத்தில் யாரும் நிற்கக் கூடாது. மின்சாரத்தால் வெடிக்கிற டெட்டனேட்டருக்கு எந்த மின்சாரம் என்ற வித்தியாசம் தெரியாது. மேனேஜர் வேறு காலையிலிருந்து பறந்துகொண்டிருந்தார். முதலாளியின் மனைவிக்குத் தம்பி அவர். இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் கல்குவாரியை நடத்தலாம் என்று நினைக்கிற ஆள்.

மருந்து நிறைத்து, மண் இடித்து, ஒயர் கோத்து முடித்தார்கள். டிப்ளமா வரிசை வரிசையாக நடந்து எண்ணினாள். முப்பத்தாறு. பிறகு டெட்டனேட்டர் பெட்டியைத் திறந்தாள். கிடங்கிலிருந்து எடுத்து வந்தது நாற்பது. மிச்சம் நாலு இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தது.

அவள் அவனிடம் சொன்னதும் அவன் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தான். பிறகு மீட்டரை எடுத்துக் கேபிளில் வைத்தான். ஒரு டெட்டனேட்டருக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. கோர்வையில் எத்தனை இருக்கிறது என்று முள் காட்டிவிடும். முள் முப்பத்தாறு என்றது. கோர்வை சரி. குழி சரி. அப்படியானால் ஒரு டெட்டனேட்டரை யாரோ எடுத்திருக்கிறார்கள்.

அவன் முகம் மாறியதை நான் கேபினிலிருந்து பார்த்தேன். குவாரியில் டெட்டனேட்டர் திருட்டு புதிதல்ல. அணைத் தண்ணீரில் வெடித்து மீன் பிடிக்கிறவர்களுக்கு அது வேண்டும். போன வருஷம் அப்படித் திருடிய ஒன்று ஒரு வீட்டு அலமாரியில் கிடந்து, அதைப் பேட்டரியில் வைத்து விளையாடிய பிள்ளைக்கு மணிக்கட்டோடு கை போயிற்று. எங்களிடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தூண்டிலும் கையுமாக அணைக்குப் போகிற ஆள் ஒருவன்தான். டிரில் ஓட்டுகிறவன். ஆறடிக்கு மேலே இருப்பதால் நெட்டை என்போம். வாயில் பூச்சி போனாலும் துப்ப யோசிக்கிற சாது.

நெட்டை கம்ப்ரஸர் பக்கத்தில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். வெடி போடுகிற என் மாப்பிள்ளை அவனிடம் போனான். கேள்வி எதுவும் கேட்கவில்லை. மரக்கம்பு முதல் அடியிலேயே நெட்டையின் வாயில் விழுந்தது. பன்னோடு ரத்தமும் இரண்டு பல்லும் வெளியே வந்தன. இரண்டாவது அடிக்குத் தடுத்த கை தொங்கிப்போனது. அதற்குப் பிறகு முதுகில். நெட்டை மண்டி போட்டுக் குனிந்தான். அவனை எழுப்பி நிறுத்தி மறுபடி அடித்தான். "எங்கடா வச்சிருக்க" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை இல்லை. கம்பு பாதியில் உடைந்தது. உடைந்த கட்டையால் அடித்தான்.

நெட்டை ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தான். உதடு கிழிந்து, வாய் முழுக்க ரத்தம் கொப்பளித்ததில் அது பேச்சாக வரவில்லை. அதோடு அவன் தலை என் மாப்பிள்ளையின் இடது தோள் பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தில் நின்று இடி முழங்கினாலும் அவனுக்குக் கேட்காது. நான் வண்டியை விட்டு இறங்கி ஓடினேன். பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன். திமிறியதில் அவன் முழங்கை என் விலாவில் குத்தி மூச்சு நின்றுவிட்டது. அந்த இழுபறியில் அவன் கழுத்துக் கயிறு அறுந்தது. எக்ஸ்ப்ளோடர் கைப்பிடி எங்கள் காலடியில் புழுதியில் விழுந்ததை நான் பார்க்கவில்லை. மேனேஜர் பார்த்தார்.

இவ்வளவு நடக்கும்போது டிப்ளமா அங்கே இல்லை. அவள் மருந்து வேனுக்குப் போயிருந்தாள்.

மிச்சமிருந்த ஜெலட்டின் குச்சிகளைப் பெட்டியோடு வேனில் ஏற்றிவிட்டிருந்தார்கள். மாலையில் கிடங்கில்தான் எண்ணுவது வழக்கம். அவள் டிரைவரைக் கீழே இறங்கச் சொல்லி, பெட்டியைத் திறந்து எண்ணியிருக்கிறாள். எடுத்து வந்தது நூற்று அறுபது. மிச்சம் பதினாறு இருக்க வேண்டும். பன்னிரண்டுதான் இருந்தது. பெரிய பூட்ஸோடு தடுக்கி விழுந்து எழுந்து ஓடி வந்தாள். என் மாப்பிள்ளையின் வலது பக்கமாக வந்து, உடைந்த கட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள்.

"அண்ணே, ஜெலட்டினும் நாலு குறையுது. நூத்தி நாப்பத்தெட்டு போயிருக்கு. நாலால வகுத்தா முப்பத்தேழு. அவரு திருடலை. முப்பத்தேழாவது குழி அங்க இருக்கு."

திருடுகிறவன் டெட்டனேட்டரை எடுப்பான். கூடவே ஒரு குழிக்கு வேண்டிய அளவு, கூடாமல் குறையாமல் நாலு குச்சியை எவன் எடுப்பான்? மீட்டர் காட்டிய முப்பத்தாறு எதற்கும் சாட்சி இல்லை. கோத்ததை மட்டும்தான் அது எண்ணும். கோத்தவர்களின் கண் எந்தக் குழியைப் பார்க்கவில்லையோ, அதை மீட்டரும் பார்க்காது. நாலு ஒன்பது முப்பத்தாறு என்று மனசில் எழுதிக்கொண்டு நடந்தவர்கள் எல்லோரும் முப்பத்தாறுதான் எண்ணுவார்கள். அவன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இதைத்தான். அவன் கையில் கட்டை இருந்ததால் அவனுக்கு மறந்துபோயிற்று.

நெட்டை தரையிலிருந்து கையைத் தூக்கினான். உடையாத கை. பாறைப் படியின் கிழக்கு மூலையைக் காட்டினான். பிறகு என்னைக் காட்டினான், பிறகு என் மாப்பிள்ளையைக் காட்டினான். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினான்.

"நீங்கதானேண்ணே சொன்னீங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மூலையில் போன வெடியில் பாறை சரியாக உடையாமல் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. என் வாளி அங்கே ஏறவில்லை என்று முந்தின நாள் டீக்கடையில் எல்லோரும் கேட்கக் கத்தினேன். மாப்பிள்ளை பக்கத்து பெஞ்சில் இருந்தான். எனக்கு பதில் சொல்லவில்லை, நாங்கள்தான் பேசுவதில்லையே. டீ டம்ளரை வைத்துவிட்டுப் போகிற போக்கில் நெட்டையிடம், மூலையில் இன்னொன்று போடு என்று சொல்லிவிட்டுப் போனான். போனதோடு மறந்துவிட்டான். நெட்டை மறக்கவில்லை. காலையில் போட்டான். மருந்து நிறைக்கிற உதவியாள் ஒருவன் குழியைப் பார்த்தான், எத்தனையாவது என்று எண்ணாமல் நிறைத்தான், மண் இடித்தான். அப்புறம் கம்ப்ரஸர் குழாயை இழுத்துப் போனபோது புழுதியும் சல்லியும் சரிந்து அதன் ஒயரை மூடிவிட்டன.

அப்படியே வெடித்திருந்தால் முப்பத்தாறு போயிருக்கும், அது ஒன்று குவியலுக்குள் உயிரோடு கிடந்திருக்கும். வாளி ஏறவில்லை என்று கத்தின நான் முதலில் அந்த மூலைக்குத்தான் வண்டியை விட்டிருப்பேன். எனக்காகப் போட்ட குழியிலேயே நான் போயிருப்பேன்.

அப்போதுதான் கொட்டகையிலிருந்து சைரன் அலறியது. வெடிக்கப் போகிறோம், எல்லோரும் ஒதுங்குங்கள் என்று அர்த்தம். வெடிக்காரன் இங்கே நிற்கிறான், சைரனை யார் போட்டது? கைப்பிடியை எடுத்துக்கொண்டு மேனேஜர் கொட்டகைக்குப் போய்விட்டார். ஒரு டெட்டனேட்டருக்காக மழையில் மருந்தை நனைய விடுவார்களா, எவனோ திருடினால் திருடிவிட்டுப் போகட்டும் என்று அவர் தானே தீர்ப்பு எழுதிவிட்டார்.

டிப்ளமாதான் முதலில் ஓடினாள். நான் விலாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் பெட்டியிலிருந்து கேபிளைப் பிடுங்கி, இரண்டு முனையையும் ஒன்றாக முறுக்கி, பூட்ஸுக்கு அடியில் வைத்து மிதித்துக்கொண்டு நின்றாள். அதையும் அவன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். முறுக்கி வைத்த கேபிளில் மின்சாரம் வழி தவறி ஏறாது. மேனேஜர் அவளை அறைந்தார். ஹெல்மெட் உருண்டது. அவள் காலை எடுக்கவில்லை. இரண்டாவது அறைக்குக் கையை ஓங்கினார், அந்தக் கையை நான் பிடித்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததற்கு வருத்தப்படவில்லை. பிடித்த கையை முதுகுப் பக்கம் திருகினேன், ஏதோ பொட்டென்றது. சட்டைக் காலரைப் பிடித்துக் கொட்டகைத் தூணில் முகத்தை இரண்டு தடவை மோதினேன். மூக்கை உடைப்பது எனக்குப் பழகிய வேலை. அவர் இஸ்திரிச் சட்டை சிவப்பாகி, தூணைக் கட்டிக்கொண்டே சரிந்தார். இன்னும் மோதியிருப்பேன். மாப்பிள்ளை வந்துவிட்டான். முதல் தடவையாக, மூக்கு உடைந்த நாளுக்குப் பிறகு, 'வாரலாம்' அல்லாத ஒரு வார்த்தையை என்னிடம் பேசினான்.

"விடு மச்சான். வேலை இருக்கு."

கைப்பிடியை எடுத்து டிப்ளமாவின் கையில் வைத்து, தான் திரும்பி வந்து கேட்கிறவரைக்கும் கடவுளே வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்றான். என்னைப் பொக்லைனில் ஏறி உட்காரச் சொன்னான். மின்னல் கண்ணில் பட்டாலோ இடி காதில் விழுந்தாலோ ஹாரனில் கையை வை, எடுக்காதே என்றான். பிறகு தனியாகப் பாறைப் படிக்கு ஏறினான்.

நான் மேற்கு வானத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து நிறைத்த முப்பத்தேழு குழிகளுக்கு நடுவே முழங்கால் போட்டு, இரும்பு எதுவும் தொடாமல், வெறும் கையால் புழுதியைத் தள்ளித் தள்ளித் தேடினான். அவன் செத்தால் தங்கை தாலியறுப்பாளே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் செத்தால் இனி என் வாளிக்கு யார் கணக்குச் சொல்வது என்றுதான் தோன்றியது. மனசு எவ்வளவு அசிங்கமானது பாருங்கள்.

ஒயரைக் கண்டுபிடித்து, துடைத்து, கோர்வையில் சேர்த்துவிட்டு இறங்கினான். டிப்ளமா மீட்டரை வைத்தாள். முப்பத்தேழு. அவன் கையை நீட்டினான், அவள் கைப்பிடியைக் கொடுத்தாள். சைரன் மறுபடி அலறியது. கைப்பிடியைத் திருகினான், பாறைப் படி முழுக்கத் தூக்கி விசிறியது. கிழக்கு மூலை வயிறு உடைந்து நொறுங்கிச் சரிந்தது. புகை அடங்கியபின் அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் 'வாரலாம்' என்றான். முதல் துளி மழை விழுந்தது.

நான் வாரவில்லை. யாரும் நகரவில்லை. கம்ப்ரஸர் மறைவில் நெட்டையைப் படுக்க வைத்து, கையில் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். மருந்துப் பெட்டியை இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேன் தயாராக நின்றது. அவன் நெட்டைக்கு முன்னால் போய் நின்றான். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தோம். அவனுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். டிப்ளமாவைப் பார்த்தான்.

"எத்தனை அடி அடிச்சேன்?"

வேனுக்குப் போனதால் முழுக்கப் பார்க்கவில்லை என்றாள். என்னைக் கேட்டான். ஏழு என்றேன். எனக்குத் தெரிந்தவரை ஏழு. அவன் தலையை ஆட்டிவிட்டு, அதோடு விடாமல், நெட்டைக்குப் பக்கத்தில் குந்தினான். கிழிந்த சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தான். வாயில் ஒன்று. கையில் ஒன்று. முதுகில் கம்பு தடித்த வரிகள் ஐந்து, விலாவில் கட்டை பதிந்தது இரண்டு. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். தொட்ட இடமெல்லாம் நெட்டை துடித்தான். ஒன்பது.

"ஒன்பது" என்றான் என்னைப் பார்த்து. என் கணக்கு தப்பு என்பதாக. பிறகு கீழே கிடந்த கட்டையை எடுத்து நெட்டையின் நல்ல கையில் திணித்துவிட்டு, சட்டையைக் கழற்றி, முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

நெட்டை மெதுவாக எழுந்து நின்றான். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கட்டையைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். மழை வலுத்தது. ஓங்கி ஒரே ஒரு அடி அடித்தான். முதுகில் அடிக்கவில்லை. வலது காதோடு சேர்த்து அடித்தான். என் மாப்பிள்ளை பக்கவாட்டில் சரிந்தான். காதிலிருந்து ரத்தம் கோடாக வந்து மழையில் கரைந்தது. நெட்டை கட்டையைப் போட்டுவிட்டு, உதடு ஒத்துழைக்காத அந்தக் குழறல் பேச்சில் சொன்னான்.

"மிச்சம் எட்டை நீயே வச்சிக்கண்ணே."

சொல்லிவிட்டு வேனில் ஏறினான். அதற்குப் பிறகு எங்கள் குவாரிக்கு வரவில்லை. கை கூடியபின் தூரத்தில் ஒரு குவாரியில் டிரில் ஓட்டுவதாகக் கேள்வி. மேனேஜர் என்னை வேலையை விட்டுத் தூக்கினார். மூன்றாம் நாள் பொக்லைனுக்கு ஆள் கிடைக்காமல் முதலாளியே கூப்பிட்டார். டிப்ளமா மீதி வாரத்தையும் முடித்துக்கொண்டுதான் போனாள், கன்னத்தில் விரல் தடத்தோடு.

என் மாப்பிள்ளைக்கு அந்தக் காதும் முழுக்க வரவில்லை. கத்திப் பேசினால் பாதி விழும். ஒரு காதும் உதவாதவனுக்கு இன்னொரு குவாரியில் வெடி வேலை கொடுக்க மாட்டார்கள். எங்கள் முதலாளியும் கொடுக்கவில்லை. இப்போது மருந்துக் கிடங்கில் பெட்டியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறான். வெடி போட வேறு ஆள் வந்திருக்கிறான். அவன் 'வாரலாம்' என்று சொன்னாலும் நான் வாளியை இறக்குவதில்லை. முதலில் கிடங்கைப் பார்ப்பேன். மிச்சத்தை எண்ணிக் கழித்துவிட்டு, என் மாப்பிள்ளை வாசலில் வந்து கையைத் தூக்கிக் காட்டுவான். அப்புறம்தான் இறக்குவேன்.

போன மாதம் தங்கையைப் பார்க்கப் போனேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். கோபம் வராமல் இல்லை என்றாள். கை ஓங்குகிறானாம். ஓங்கிய கை பாதியில் நின்றுவிடுகிறதாம். உதடு மட்டும் அசையுமாம்.

"என்ன சொல்றாருன்னே புரியலைண்ணா. எட்டு, எட்டுன்னு ஏதோ சொல்லிட்டுக் கையை இறக்கிடுறாரு."

டீயைக் குடித்துவிட்டு, அவன் எழும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.